வருசம் 8 வீதம்: ஒரே கடிதத்துக்கு எத்தனை விடை?

கேள்வி: "நிலாவெளியில ஒரு ஹோட்டல்ல கணக்குப் பிரிவில வேலை கிடைச்சிருக்கு. ஓகஸ்ட் 1 சேரணும். சம்பளம் 80,000. அதில அடிப்படை 60,000, கொடுப்பனவு 20,000. வருசா வருசம் ஜனவரியில 8 வீதம் கூட்டுவாங்களாம். 5 வருசத்தில 40 வீதம் கூடி 112,000 வரும் எண்டு நான் நினைச்சன். எச்.ஆர். மிஸ் 108,839 எண்டு சொல்றா. நெட்டில ஒரு கல்குலேட்டர் 117,546 காட்டுது. எது சரி? ஒரு லோன் எடுக்கவும் யோசிக்கிறன், அதான் கேக்கிறன்."

நீங்கள் எழுதியிருக்கும் விபரப்படி பார்த்தால் இந்த மூன்றில் எதுவும் உங்கள் கைக்கு வராது என்றுதான் நினைக்கிறேன். என் கணக்கில் ஐந்தாம் வருடச் சம்பளம் 101,629 ரூபாய். எச்.ஆர். சொன்னதைவிட மாதம் 7,210 ரூபாய் குறைவு. திருகோணமலையில் இருபது வருடத்துக்கு மேலாகச் சம்பளப் பட்டியல் தயாரித்து வருகிறேன். சதவீதப் பெருக்கலில் பிழை விட்டவர்களை நான் கண்டது குறைவு. எதன்மேல் பெருக்குவது, எத்தனை தடவை பெருக்குவது, எந்த மாதத்திலிருந்து பெருக்குவது என்பதில்தான் ஆளுக்கொரு விடை வருகிறது. உங்கள் மூன்று எண்களும் அப்படி வந்தவைதான், ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் உங்கள் 112,000. எட்டை ஐந்தால் பெருக்கி 40 வீதம் எடுத்திருக்கிறீர்கள். இது சாதாரண தரத்தில் படித்த எளிய வட்டி முறை. வருடா வருடம் தொடக்கச் சம்பளத்தின் 8 வீதம் மட்டும் கூடும், கூடிய தொகைக்கு மறுபடி 8 வீதம் இல்லை என்று எடுத்தால் அந்த விடை சரி. அரசாங்கச் சம்பள அளவுத்திட்டத்தில் வருடாந்தச் சம்பள ஏற்றம் இத்தனை ரூபாய் என்று தொகையாகவே எழுதப்பட்டிருக்கும். வீட்டில் யாராவது ஆசிரியராகவோ கச்சேரியிலோ இருந்தால் நமக்கு அந்தப் பழக்கத்தில்தான் கணக்கு வரும். தனியார் துறையில் "வருடத்துக்கு 8 வீதம்" என்று எழுதினால், வழமையாக அது அந்த வேளையில் வாங்கும் சம்பளத்தின் 8 வீதம். அதாவது கூட்டு வட்டி முறை. போன வருடம் கூடியதற்கும் சேர்த்து இந்த வருடம் கூடும்.

எச்.ஆர். சொன்னதும் கல்குலேட்டர் காட்டியதும் இரண்டுமே கூட்டு முறைதான். ஆனாலும் எட்டாயிரத்து எழுநூறு ரூபாய் வித்தியாசம் வருகிறது. வேலிக்கு ஐந்து கதியால் நட்டால் இடைவெளி நான்குதான். அதுபோல ஐந்து வருடச் சம்பளத்துக்கு நடுவில் உயர்வு நான்குதான். முதல் வருடம் 80,000 உயர்வில்லாமல் வாங்குகிறீர்கள். இரண்டாம் வருடம் முதல் உயர்வு, ஐந்தாம் வருடம் நான்காவது உயர்வு. 80,000 ஐ 1.08 ஆல் நான்கு தடவை பெருக்கினால் 108,839. அதுதான் எச்.ஆர். சொன்னது. கல்குலேட்டர் ஐந்து தடவை பெருக்கியிருக்கிறது. 117,546 என்பது ஐந்து வருடம் முழுதாக முடிந்து ஆறாம் வருடத்தில் கால் வைக்கும்போது வாங்கும் சம்பளம். கல்குலேட்டர் பொய் சொல்லவில்லை. அங்கே "வருடம் 5" என்று அடிக்கும் பெட்டி பெரும்பாலும் வங்கி வைப்புக்காகச் செய்தது. வங்கியில் போட்ட காசுக்கு முதல் வருட முடிவிலேயே வட்டி சேர்ந்துவிடும், ஐந்து வருடத்துக்கு ஐந்து வட்டி. சம்பளத்துக்கு அதைப் பாவிக்கிறவர் பெட்டியில் ஒன்றைக் குறைத்து 4 என்று அடிக்க வேண்டும். இந்த ஒன்று கூடிக் குறையும் பிழையை, கணக்கில் நல்ல தேர்ச்சி உள்ள பிள்ளைகளிடமும் கண்டிருக்கிறேன்.

நீங்கள் எடுத்த 112,000 இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து விழுந்ததால் "கிட்டத்தட்டச் சரி" போலத் தெரிகிறது. முறையும் வேறு, உயர்வுகளின் எண்ணிக்கையும் வேறு. உங்கள் முறையில் நான்கு உயர்வை வைத்தால் 105,600 தான் வரும்.

இனி, எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். மூன்று எண்களும் 80,000 முழுவதும் 8 வீதம் வளர்கிறது என்று எடுத்திருக்கின்றன. நீங்களோ அடிப்படை 60,000, கொடுப்பனவு 20,000 என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அப்படிப் பிரித்திருந்தால், நான் பார்த்த கடிதங்களில் பெரும்பாலும் உயர்வு அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். கொடுப்பனவு நிலையான தொகை. போக்குவரத்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று ஒருதடவை எழுதியதை யாராவது தனியாக மாற்றும்வரை அது அசையாது. உங்கள் நியமனக் கடிதத்தை விரித்து உயர்வு பற்றிய பந்தியில் ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள். ஆங்கிலக் கடிதமாக இருந்தால் "பேசிக்" என்றிருக்கிறதா, "குரொஸ்" என்றிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது என்றால் 60,000 தான் வளரும். இரண்டாவது என்றால் எச்.ஆர். சொன்னது சரி. வெறும் "சம்பளம்" என்று மட்டும் இருந்தால் அதை எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அடிப்படை மட்டும் வளர்வதாக வைத்து வருடம் வருடமாகப் போடுகிறேன். முதல் வருடம் அடிப்படை 60,000, கொடுப்பனவோடு 80,000. இரண்டாம் வருடம் அடிப்படை 4,800 கூடி 64,800, மொத்தம் 84,800. மூன்றாம் வருடம் உயர்வு 5,184, மொத்தம் 89,984. நான்காம் வருடம் உயர்வு ஏறத்தாழ 5,599, மொத்தம் 95,583. ஐந்தாம் வருடம் உயர்வு ஏறத்தாழ 6,047, மொத்தம் 101,629. எக்செலில் ஒரே வரியில் பார்க்க விரும்பினால் இதை அடியுங்கள்:

```
=60000*1.08^4+20000
```

கைபேசிக் கல்குலேட்டரே போதும் என்றால் 60000 ஐ 1.08 ஆல் பெருக்கி, வரும் விடையை மறுபடி 1.08 ஆல், இப்படி நான்கு தடவை பெருக்கி, கடைசியாக 20,000 ஐக் கூட்டுங்கள். கொடுப்பனவைக் கடைசியில்தான் கூட்ட வேண்டும். நடுவில் கூட்டினால் அதுவும் சேர்ந்து வளர்ந்துவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கடிதம் 8 வீதம் என்கிறது. ஆனால் 80,000 இல் 4,800 என்பது 6 வீதம்தான். அடுத்த வருடம் 84,800 இல் 5,184, அதாவது 6.1 வீதம். அடிப்படையின் பங்கு பெரிதாகப் பெரிதாக அந்த வீதம் மெல்ல மெல்ல 8 ஐ நோக்கி ஏறும், ஆனால் கொடுப்பனவு நிலையாக இருக்கும்வரை அதை எட்டாது. இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது இது பெரிய வித்தியாசம் செய்யும். பிரிக்காத 80,000 க்கு 7 வீதம் தரும் இடம், முக்கால்வாசி மட்டும் அடிப்படையாக உள்ள 80,000 க்கு 8 வீதம் தரும் இடத்தைவிட ஐந்தாம் வருடத்தில் கூடத் தரும். அங்கே 104,864, இங்கே 101,629.

கூட்டு முறையா எளிய முறையா என்பதைச் சம்பளத் தாளில் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு சாரதி. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆன காலம், ஊரில் ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் என் பொறுப்பு. அங்கே வருடம் 10 வீத உயர்வு. மூன்றாவது உயர்வு கொடுத்த மாதம், அந்த அண்ணர் சட்டைப் பையிலிருந்து நான்கு சம்பளத் தாள்களை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார். நான்காய் மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்துபோன தாள்கள். அடிப்படை 25,000, பிறகு 27,500, பிறகு 30,000, பிறகு 32,500. "மூன்று தரமும் இரண்டாயிரத்து ஐந்நூறுதான் கூடியிருக்கு தம்பி. பத்து வீதம் எண்டா ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூடவெல்லோ வரவேணும்?" என்று கேட்டார். எனக்கு உடனே விளங்கவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தபோது நான் எழுதிய சூத்திரம் இப்படி இருந்தது:

```
=B3+$B$2*10%
```

அந்த டொலர் குறி முதல் வருடச் சம்பளம் இருந்த கட்டத்தைப் பூட்டி வைத்திருந்தது. எத்தனை வருடம் கீழே இழுத்தாலும் 25,000 இன் 10 வீதம்தான் கூடும். வந்திருக்க வேண்டியது 27,500, 30,250, 33,275. இரண்டாவது உயர்வில் மாதம் 250 ரூபாய் குறைவு, அது பன்னிரண்டு மாதத்துக்கு 3,000. மூன்றாவது உயர்விலிருந்து மாதம் 775 குறைவு. அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் போயிருந்தது. ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டியதும் அதே அளவுக்குக் குறைந்திருந்தது. எல்லோருக்கும் நிலுவை போட்டுக் கொடுத்து முடிக்க இரண்டு மாதம் எடுத்தது. அவர் தாள்களை எறியாமல் வைத்திருந்திராவிட்டால் அந்தப் பிழை இன்னும் எத்தனை வருடம் ஓடியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கும்போது மனம் சங்கடப்படும்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் உயர்வை வைத்துக் கூட்டு முறையா எளிய முறையா என்று தீர்மானிக்க முடியாது. முதல் தடவை இரண்டிலும் ஒரே தொகைதான் வரும். இரண்டாவது உயர்வில்தான் வித்தியாசம் வெளியே வரும். உங்களுக்கு முதல் உயர்வு 4,800 என்றால் அடிப்படையில் கூட்டியிருக்கிறார்கள், 6,400 என்றால் மொத்தத்தில் கூட்டியிருக்கிறார்கள். இரண்டாவது உயர்வு 5,184 என்றால் கூட்டு முறை, மறுபடியும் 4,800 என்றால் எளிய முறை. சில இடங்களில் அடிப்படையைக் கிட்டிய பத்து ரூபாய்க்கோ ஐம்பது ரூபாய்க்கோ முழுமையாக்குவார்கள், அதனால் சில ரூபாய் முன்பின் வரலாம். முந்நூறு நானூறு ரூபாய் குறைந்தால் அது முழுமையாக்கலால் வந்ததல்ல.

அடுத்தது திகதி. நீங்கள் ஓகஸ்டில் சேர்கிறீர்கள், உயர்வு ஜனவரியில். ஐந்து மாதம் வேலை செய்தவருக்கு வரும் ஜனவரியிலேயே முழு 8 வீதம் கொடுக்கும் இடம் அபூர்வம். சில இடங்களில் வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். பல இடங்களில் ஒரு வருட சேவை முடிந்தவர்களுக்கு மட்டும்தான். அப்படியானால் உங்கள் முதல் உயர்வு இரண்டாவது ஜனவரியில்தான். அதாவது பதினேழு மாதம் 80,000 இலேயே இருப்பீர்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு பன்னிரண்டு மாதமாக 84,800, 89,984, 95,583, கடைசி ஏழு மாதம் 101,629.

ஐந்தாம் வருட முடிவில் வாங்கும் சம்பளம் அதே 101,629 தான், அதில் ஒரு சதமும் மாறாது. ஆனால் அறுபது மாதமும் வாங்கியதைக் கூட்டிப் பாருங்கள். சேர்ந்த திகதியிலிருந்து சரியாக வருடத்துக்கு ஒருதடவை உயர்வு கிடைத்தால் மொத்தம் 5,423,953 ரூபாய். ஜனவரி வரை காத்திருந்தால் 5,315,806. ஒரு இலட்சத்து எட்டாயிரம் ரூபாய் குறைவு. நான்கு உயர்வும் ஐந்து ஐந்து மாதம் பிந்துவதால் வருவது இது. எத்தனை வீதம் என்று மட்டும் கேட்டுவிட்டு எந்த மாதம் என்று கேட்காதவர்கள் இழப்பது இந்தத் தொகையைத்தான். இன்னும் கடிதத்தில் கையெழுத்து வைக்கவில்லை என்றால், உங்கள் உயர்வைச் சேர்ந்த திகதிக்குப் போடுவார்களா, அல்லது முதல் ஜனவரியில் ஐந்து மாதப் பங்கு தருவார்களா என்று மரியாதையாகக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இதுவரை சொன்னது கணக்கு, இதில் எனக்குச் சந்தேகமில்லை. கடிதம் சொன்னபடி எல்லாம் நடக்குமா என்பது வேறு. "8 வீதம் வழங்கப்படும்" என்பது ஒன்று. "8 வீதம் வரை", "செயற்றிறனைப் பொறுத்து", "நிறுவனத்தின் நிலையைப் பொறுத்து" என்பவை வேறு. இந்த இரண்டாம் வகைச் சொற்கள் இருந்தால் எட்டை உச்சவரம்பாக எடுங்கள். அப்படியான கடிதம் நிறுவனத்தை எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பதை என்னைப் போன்ற கணக்குக்காரன் சொல்லக்கூடாது. தொழில் திணைக்களத்துக்குத் திருகோணமலையிலேயே அலுவலகம் இருக்கிறது, கடிதத்தின் பிரதியோடு போய்க் கேளுங்கள்.

ஒரு வருடம் உயர்வு தவறினால் என்னாகும் என்பதையும் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் துறையில் அது நடக்கக்கூடியதுதான். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகும், கொரோனா காலத்திலும், 2022 நெருக்கடியிலும் இந்தக் கரையோரம் எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். நான்கு உயர்வில் எது தவறினாலும் ஐந்தாம் வருடச் சம்பளம் ஒன்றுதான், 95,583. பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாது. ஆனால் கைக்கு வரும் மொத்தத் தொகை எந்த வருடம் தவறுகிறது என்பதைப் பொறுத்தது. முதலாவது உயர்வு தவறினால் அதன் தாக்கம் மற்ற எல்லா வருடத்திலும் தொடரும். வருடத்துக்கு ஒருதடவை உயரும் கணக்கில் மொத்த இழப்பு ஏறத்தாழ 259,500 ரூபாய். நான்காவது உயர்வு தவறினால் கடைசி வருடம் மட்டும் பாதிக்கும், இழப்பு 72,500 ரூபாய் அளவில். அதனால் "இந்த வருடம் விடுங்கோ, அடுத்த வருடம் பார்ப்பம்" என்று ஆரம்ப வருடங்களில் சொன்னால் அது சின்ன விஷயமல்ல. அடுத்த வருடம் வழமையான 8 மட்டும் தந்தால் விட்ட வருடம் திரும்பி வராது. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 16.64 வீதம் தந்தால்தான் பழைய பாதைக்கு வருவீர்கள். பதினாறு வீதம் என்று தந்தாலும் கொஞ்சம் குறைவுதான்.

சேர்விஸ் சார்ஜ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஹோட்டல் என்பதால் சொல்ல வேண்டும். அதை இந்த ஐந்து வருடக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். பில்லில் சேர்க்கும் 10 வீதத்தைப் பங்கு போடுவது அது. சம்பள உயர்வோடு அதற்குத் தொடர்பில்லை. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் மே தொடக்கம் செப்டம்பர் வரை அது கையில் நன்றாகப் புழங்கும். வாடைக் காற்றும் மழையும் தொடங்கியதும், நவம்பர், டிசம்பரில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது அது சுருங்கிவிடும். வந்தால் சேமிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். உயர்வும் 8, பிடிப்பும் 8 என்பதால் ஒன்றை ஒன்று தின்றுவிடுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தின்னாது. 60,000 இல் பிடிப்பு 4,800 போக 55,200. 64,800 இல் பிடிப்பு 5,184 போக 59,616. 55,200 இலிருந்து 59,616 க்கு வளர்ந்ததும் சரியாக 8 வீதம்தான். பிடிப்பு எல்லா வருடமும் ஒரே வீதமாக இருக்கும்வரை உயர்வின் வீதம் மாறாது. வருமான வரியைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரல் தொடக்கம் மாதம் 150,000 ரூபாய்வரை வரி இல்லை. அந்த எல்லை மாறாதிருந்தால் சம்பளத்தில் மட்டும் நீங்கள் ஐந்து வருடத்திலும் அதைத் தொடமாட்டீர்கள்.

கடைசியாக விலைவாசி. இதைத்தான் யாராலும் ஐந்து வருடத்துக்கு முன்கூட்டிச் சொல்ல முடியாது. மத்திய வங்கி இலக்காக வைத்திருப்பது வருடம் 5 வீதப் பணவீக்கம். நடந்ததைப் பார்த்தால், 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி அது கிட்டத்தட்ட 70 வீதம். 2024 செப்டம்பரிலிருந்து சில மாதங்கள் பூச்சியத்துக்கும் கீழே இருந்தது. இவ்வளவு ஆடும் ஒன்றுக்கு ஒரே எண்ணை வைப்பது ஊகம்தான். ஆனாலும் 5 வீதம் என்று வைத்துப் பார்ப்பது உதவும். ஐந்தாம் வருட 101,629 ஐ 1.05 ஆல் நான்கு தடவை வகுத்தால் 83,611. அதாவது அந்தச் சம்பளத்தால் வாங்கக்கூடிய அரிசியும் மீனும் பஸ் கட்டணமும் இன்றைக்கு 83,600 ரூபாய்க்கு வாங்குவது அளவுதான். விலைவாசி 6 வீதம் ஏறினால் 80,500. அங்கே நான்கு உயர்வும் சேர்ந்து உங்களை இன்றைய நிலையிலேயே நிறுத்தி வைத்திருக்கும், அவ்வளவுதான். கொடுப்பனவு அசையாமல் நிற்பதன் விலை இங்கேதான் தெரியும். 20,000 ரூபாய் ஐந்தாம் வருடத்தில் 16,500 ரூபாய்க்குத்தான் பெறுமதி. அதனால் இரண்டு மூன்று வருடம் போனபின் பேசும்போது, வீதத்தைக் கூட்டக் கேட்பதோடு கொடுப்பனவில் ஒரு பங்கை அடிப்படைக்கு மாற்றவும் கேளுங்கள். நிறுவனத்துக்கு முதல் மாதத்தில் சேமலாப நிதிப் பங்கும் அதுபோன்ற சிறு தொகைகளும்தான் கூடும். உங்களுக்கோ அன்றிலிருந்து அந்தப் பங்கும் வளரத் தொடங்கும்.

லோனுக்கு வருவோம். தவணையை இன்றைய கைச் சம்பளத்தில் வைத்துத்தான் கணக்குப் பாருங்கள். அடிப்படையில் மட்டும் சேமலாப நிதி பிடித்தால் அது 75,200. பதினேழு மாதம் அது அசையாமல் இருக்கக்கூடும் என்று மேலே பார்த்தோம், தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். முதல் உயர்வு சம்பளத் தாளில் விழுந்த பிறகு, அந்த 4,800 இல் பிடிப்புப் போக மிஞ்சும் 4,416 ஐ வைத்துக் கூடுதல் தவணையைப் பற்றி யோசிக்கலாம்.

எச்.ஆர். மிஸ்ஸுக்கு நாளைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், நேரில் கேட்டால் நேரில்தான் பதில் வரும். இப்படி எழுதினால் போதும்: "என் நியமனக் கடிதத்தில் உள்ள 8 வீத உயர்வு அடிப்படைச் சம்பளத்தின் மேலா, மொத்தச் சம்பளத்தின் மேலா? ஒவ்வொரு வருடமும் அப்போதைய சம்பளத்தில் கணிக்கப்படுமா? என் முதல் உயர்வு எந்த மாதம், எந்த வருடம்? அந்த மாதத்துக்குரிய என் அடிப்படைச் சம்பளமும் மொத்தச் சம்பளமும் எவ்வளவு என்று தொகையாகத் தர முடியுமா?" கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வீதத்தைச் சொல்லிவிட்டுப் போவது எல்லோருக்கும் சுலபம். தொகையை எழுதும்போதுதான் அவர்களும் கடிதத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அடிப்படை 64,800, மொத்தம் 84,800 என்று பதில் வந்தால் மேலே நான் போட்ட கணக்கு உங்களுக்குப் பொருந்தும். மொத்தம் 86,400 என்று வந்தால் அந்த மின்னஞ்சலை அச்செடுத்து நியமனக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.